``கறி பழசு... யாரும் போகாதீங்க!'' - ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்கு எப்படிப் பதில் எழுதுவது?

உங்கள் வீட்டில் யாராவது சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார்களா? டிபன் கடை, பேக்கரி, கிளினிக்... எதுவாக இருந்தாலும் சரி, கடைக்கு கூகுள் மேப்ஸில் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். போர்டு போட்டோ ஏற்றியது, திறக்கும் நேரம் போட்டது எல்லாம் நீங்கள்தான். அப்படியென்றால், ஒரு நாள் ராத்திரி யாராவது ஒரு ஸ்டார் போட்டுக் கிழித்து எழுதும்போது, அந்த நோட்டிஃபிகேஷனும் உங்கள் போனுக்குத்தான் வரும்.

என் தோழிக்கு அப்படித்தான் வந்தது. திருச்சியில் அவளுடைய அப்பா ஒரு சின்ன பிரியாணி மெஸ் நடத்துகிறார். எட்டு டேபிள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அதில் இருந்தது இதுதான்:

``40 நிமிஷம் வெயிட் பண்ண வெச்சாங்க. வந்த பிரியாணில அரிசியே வேகல. கறி பழசு. பார்சலுக்கு 10 ரூபா எக்ஸ்ட்ரா, ஏன்னு கேட்டா கேஷ்ல இருக்கறவர் கத்துறார். யாரும் போகாதீங்க.''

அடுத்த நிமிடமே போன். ``அப்பா சாப்பிடாம உக்காந்திருக்கார்டி. இப்பவே பதில் போடுன்னு சொல்லிட்டு, அவரே சொல்லச் சொல்ல என்னை டைப் பண்ண வெச்சார். போட்டுடவா?''

அப்பா சொல்லி அவள் டைப் செய்திருந்தது: ``18 வருஷமா கடை நடத்துறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நீங்க யாரு சொல்லி எழுதுறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். சி.சி.டி.வி இருக்கு. பிடிக்கலைன்னா வராதீங்க.''

நல்லவேளை, போடவில்லை.

யாருக்காக எழுதுகிறோம்?

அப்பாவின் பதிலில் கோபம் இருப்பதைக்கூட விட்டுவிடலாம், 18 வருஷ உழைப்பை ஒருத்தர் நாலு வரியில் அடித்தால் கோபம் வரத்தான் செய்யும். உண்மையான சிக்கல், அந்தப் பதில் ரிவ்யூ எழுதியவரைப் பார்த்துப் பேசுகிறது என்பதுதான். அதைப் படிக்கப் போகிறவர் வேறு ஆள்.

அடுத்த ஞாயிறு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே சாப்பிடலாம் என்று மேப்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பவர் இருக்கிறாரே, அவர். நீங்களும் அதைச் செய்திருப்பீர்கள். கடை பேர், ஸ்டார், ரெண்டு போட்டோ, அப்புறம் நேராக மோசமான ரிவ்யூக்கள். அந்த ரிவ்யூவுக்குக் கீழேயே உரிமையாளரின் பதிலும் தெரியும். `18 வருஷம்' என்பதை அவரால் சரிபார்க்க முடியாது. `யாரு சொல்லி எழுதுறீங்கன்னு தெரியும்' என்பதைப் படித்தால், நாளைக்கு நாம் ஏதாவது கேட்டாலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொள்வார். கேஷ் டேபிளில் கத்தினார்கள் என்ற புகாருக்கு அந்தப் பதிலே சாட்சி சொல்லிவிடும்.

ஸ்டார் எண்ணிக்கை பற்றியும் ஒரு சின்னக் கணக்கு. தோழியின் கடைக்கு அதுவரை 60 ரிவ்யூ, சராசரி 4.4. ஒரு ஒற்றை ஸ்டார் சேர்ந்ததும் சராசரி தோராயமாக 4.34 ஆகும், திரையில் 4.3 என்று தெரியும். அடுத்து ரெண்டு பேர் ஐந்து ஸ்டார் போட்டால் மறுபடி 4.4-க்கு வந்துவிடும். ஆனால், `கறி பழசு' என்ற வார்த்தை அப்படிக் கரையாது. மேப்ஸ் ரிவ்யூக்களைத் தேதிப்படி அடுக்காமல், பொருத்தமானது என்று அது நினைப்பதைத்தான் முதலில் காட்டுகிறது. விவரமாக எழுதிய பழைய புகார் ஒன்று மாதக்கணக்கில் மேலேயே நிற்கலாம். அதனால் கவனம் செலுத்த வேண்டியது ஸ்டாரில் அல்ல, அந்த நாலு வரியில்.

எழுதுவதற்கு முன் விசாரணை

``காலைல மூணு பேர்கிட்ட கேளு. அப்புறம் எழுதலாம்'' என்று சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் அவள் முதலில் ரிவ்யூவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு பேப்பரில் எழுதினாள். காத்திருப்பு, வேகாத அரிசி, பழைய கறி, பார்சல் காசு, கத்தல். மொத்தம் ஐந்து. `மோசமான ரிவ்யூ' என்று ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கோபம்தான் வரும். ஐந்து தனித்தனிக் கேள்விகளாகப் பார்த்தால் ஐந்துக்கும் விடை தேடலாம்.

காத்திருப்பு: கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டில் நேரம் 1.25. பில்லில் 2.20. ஆனால், பில் என்பது சாப்பிட்டு முடித்த பிறகு அடிப்பது, அதை வைத்துச் சாப்பாடு எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. கேமராவில் பார்த்தால் தட்டு டேபிளுக்கு வந்தது 2.02-க்கு. 37 நிமிடம். ``அப்ப 40 நிமிஷம்னு சொன்னது பொய்தானே?'' என்றார் அப்பா. பசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு 37-ம் 40-ம் ஒன்றுதான். இதில் மூன்று நிமிடத்துக்குச் சண்டை போட்டால் படிக்கிறவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

வேகாத அரிசி: இதற்கு மாஸ்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் முதலில் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் சொன்னார். முதல் அண்டா சாதாரணமாக 2 மணி வரை தாங்கும். அன்று காலை 11.30-க்கு ஒருவர் வந்து வீட்டு விசேஷத்துக்கு 40 பார்சல் கேட்டிருக்கிறார். அப்பா சரியென்று சொல்லிவிட்டார். 1.15-க்கு அண்டா காலி. ரெண்டாவது அண்டாவை 1.40-க்கு தம் போட்டிருக்கிறார்கள். முக்கால் பதம் வெந்த சீரகச் சம்பாவை மூடி, மூடிமேல் கங்கு போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். 2.10-க்குத் திறந்திருக்க வேண்டியது. வெளியே கூட்டம் கத்த, 1.55-க்கே திறந்துவிட்டார்கள். 15 நிமிடம் முன்னால். மேலடுக்கு அரிசி நறுக்கென்று நின்றுவிட்டது.

ஆக, அது உண்மை.

பழைய கறி: அப்பாவை உண்மையில் சாப்பிடவிடாமல் செய்தது இந்த வார்த்தைதான். மட்டன் அன்று காலை வாங்கியது, கறிக்கடைச் சீட்டு இருக்கிறது. ஆனால் தோழி இன்னொரு கேள்வியும் கேட்டாள்: ``ஃப்ரிட்ஜ்ல முந்தின நாள் சரக்கு எதுவுமே இல்லையாப்பா?'' இருந்தது. சனிக்கிழமை ராத்திரி மசாலா தடவி வைத்த கொஞ்சம் சிக்கன். அது தப்பில்லை, வறுவலுக்கு அப்படித்தான் ஊறவைப்பார்கள். ஆனால், `எங்கள் கடையில் எந்தக் கறியையும் ஃப்ரிட்ஜில் வைப்பதே இல்லை' என்று எழுதியிருந்தால் அது பொய். கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவர் கீழே வந்து உண்மையைச் சொன்னால் முடிந்தது கதை. மட்டன் பற்றி மட்டும், அந்த ஒரு நாள் பற்றி மட்டும் சொல்லலாம் என்று முடிவானது.

பார்சல் டப்பாவுக்கு 10 ரூபாய் வாங்குவது உண்மை, அது விலைப் பலகையில் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதும் உண்மை. கேஷில் உட்கார்ந்திருந்தது தோழியின் தாய்மாமா. ``கூட்டம்மா, சத்தமாத்தான் பேசுனேன்'' என்றார். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

போட்ட பதில்

திங்கட்கிழமை சாயங்காலம் பதில் போனது. அதற்கு முன், மதியமே போர்டில் `பார்சல் டப்பா ரூ.10' என்று எழுதி மாட்டியாகிவிட்டது. இந்த வரிசை முக்கியம். பதிலைப் படித்துவிட்டுக் கடைக்கு வருபவர் முதலில் அந்த போர்டைத்தான் தேடுவார்.

``வணக்கம். ஞாயிறு மதியம் உங்களுக்கு அரிசி வேகாத பிரியாணி வந்தது எங்கள் தவறு. அன்று கடைசி நேரத்தில் பெரிய பார்சல் ஆர்டர் ஒன்றை எடுத்ததால் முதல் அண்டா சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ரெண்டாவது அண்டாவை, தம் முடிய 15 நிமிடம் இருக்கும்போதே திறந்துவிட்டோம். உங்களைக் காக்க வைத்ததற்கும், கேஷ் டேபிளில் பேசிய விதத்துக்கும் மன்னிக்கவும். கூட்டம் அதற்குக் காரணம் ஆகாது. பார்சல் டப்பாவுக்கு 10 ரூபாய் என்பதை போர்டில் எழுதாமல் இருந்தோம், இன்று எழுதிவிட்டோம். பிரியாணிக்கான மட்டன் அன்று காலை வாங்கியது. இனி ஞாயிறுகளில் 15 பார்சலுக்கு மேல் வேண்டுமென்றால், சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் சொன்னால் மட்டுமே எடுக்கிறோம். உங்களிடம் பேச விரும்புகிறேன். கடை நம்பரில் காலை 9 முதல் 11 மணி வரை நானே எடுப்பேன்.''

கீழே அப்பாவின் பெயர். அவ்வளவுதான்.

இதைப் போடுவதற்குள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து பெரிது. ``அரிசி வேகலைன்னு நாமளே ஊருக்குச் சொன்னா எவன் வருவான்?'' என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். `தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பொதுவாகப் போட்டுவிடலாமே என்றார்.

அப்படிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? படிக்கிறவருக்கு, இந்தக் கடையில் எப்போதும் அரிசி வேகாது போல என்றுதான் தோன்றும். தப்புக்கு எல்லையே இல்லாமல் போய்விடும். `ஞாயிறு, ரெண்டாவது அண்டா, 15 நிமிடம்' என்று சொல்லும்போது தப்பு ஒரு நாளுக்குள், ஓர் அண்டாவுக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற நாள்களில், மற்ற அண்டாக்களில் அந்தப் பிரச்னை இல்லை என்பதை நீங்கள் சொல்லாமலே அவர் புரிந்துகொள்வார். தவிர, அதே அண்டாவில் அன்று இன்னும் பத்து டேபிளாவது சாப்பிட்டிருக்கும். அவர்கள் வாயில் பட்ட அரிசியை நாம் இல்லை என்று சொல்ல முடியாது.

மட்டன் வரியை எங்கே வைத்திருக்கிறோம் என்று கவனியுங்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆனால், எடுத்த எடுப்பில் மறுத்தால் மொத்தப் பதிலும் சண்டையாகத் தெரியும். நாலு விஷயத்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஐந்தாவதை மட்டும் ஒரே வரியில், `நீங்கள் சொன்னது பொய்' என்ற வார்த்தை இல்லாமல் மறுத்தால், அதை நம்பத் தோன்றும். `இனிமேல் நடக்காது' என்ற வாக்கியமும் வேண்டுமென்றே இல்லை. பிரியாணி அடுப்பை வைத்துக்கொண்டு அந்தச் சத்தியத்தை யாராலும் செய்ய முடியாது. மாற்றிய விதியைச் சொல்ல முடியும், அது போதும்.

போனில் கவனிக்க வேண்டியவை

கடையின் பக்கத்தைச் சரிபார்த்து உரிமை வாங்கிய கூகுள் கணக்கில் இருந்துதான் உரிமையாளராகப் பதில் போட முடியும். உங்கள் சொந்தக் கணக்கில் இருந்து ஐந்து ஸ்டார் போட்டுக் கடைக்காக வாதாடாதீர்கள். சொந்தக் கடைக்குத் தானே ரிவ்யூ எழுதுவது கூகுள் விதிப்படி தப்பு, அத்தை பையனை விட்டு எழுதச் சொல்வதும் அதே கணக்குதான். படிக்கிறவர்களும் ஒரே ராத்திரியில் முளைத்த ஐந்து ஸ்டார்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ரிவ்யூவுக்கு ஒரு பதில்தான். வாட்ஸ்அப் மாதிரி மாறி மாறிப் பேச முடியாது. போட்ட பதிலைத் திருத்தலாம், அழிக்கலாம். ரிவ்யூ எழுதியவரும் தன்னுடையதைத் திருத்தலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அவர் சமாதானமாகி எழுத்தை மாற்றினாலும், உங்கள் பழைய பதில் அப்படியே கீழே நிற்கும். `வேகாத அரிசி எங்கள் தவறு' என்ற பதில் ஒரு பாராட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் விநோதமாக இருக்கும். அப்போது போய் உங்கள் பதிலையும் திருத்துங்கள்.

`ரிவ்யூவை எடுத்துவிட்டால் அடுத்த தடவை பிரியாணி ஃப்ரீ' என்று பேரம் பேசக்கூடாது. ரிவ்யூவை மாற்றவோ நீக்கவோ சலுகை கொடுப்பதை கூகுள் தடைசெய்திருக்கிறது. அந்த மெசேஜை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் இன்னும் மோசம். காசைத் திருப்பித் தருவது வேறு விஷயம். அவர் போன் செய்தால், ரிவ்யூ பற்றிப் பேச்சே எடுக்காமல் தரலாம்.

யு.பி.ஐ-யில் பணம் போட்டவரின் பெயரைத் தேடி, இவர்தான் எழுதியிருப்பார் என்று கண்டுபிடித்து ராத்திரி போன் செய்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேமரா காட்சியை வெளியே போடுவதும் அதே ரகம். கேமரா, நமக்கு உண்மை தெரிவதற்கு மட்டும்தான்.

வராதவர் எழுதிய ரிவ்யூ என்றால்? `திங்கட்கிழமை போனேன், மோசம்' என்று எழுதியிருக்கிறார், உங்கள் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். `திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. வேறு கடையாக இருக்குமோ? பில் இருந்தால் கடை நம்பருக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்று ரெண்டு வரி போதும். கூடவே கூகுளிடம் புகார் செய்யலாம். ஆனால் போலி, ஆபாசம், சம்பந்தமில்லாத விஷயம் என்று விதியை மீறியிருந்தால்தான் அவர்கள் நீக்குவார்கள். அரிசி வெந்ததா, வேகவில்லையா என்ற வழக்குக்கு அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

கிளினிக் என்றால் கதையே வேறு

மேலே சொன்ன `விவரமாகச் சொல்' என்ற வழியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஒரு பல் கிளினிக்குக்குப் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் தொழில்ரீதியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. நோயாளியே பொதுவில் எழுதிவிட்டார் என்பதற்காக, `உங்களுக்கு ரூட் கேனால் செய்தபோது நீங்கள்தான் இரண்டாவது தடவை வரவில்லை' என்று டாக்டர் பதில் எழுத முடியாது. அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை, ரிவ்யூவுக்கு எழுதிய பதிலில் நோயாளியின் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் போட்டது. 2019-ல் அதற்காக 10,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கிளினிக் எதைப் பற்றி விவரமாக எழுதுவது? நோயாளியைப் பற்றி அல்ல, கிளினிக்கைப் பற்றி. ``எங்கள் கிளினிக்கில் மாலை 6 முதல் 8 வரை டோக்கன் முறை. அவசர வலியோடு வருபவர்களை இடையில் பார்ப்பதால் சில நாள் தாமதம் ஆகிறது. எத்தனை டோக்கன் முடிந்திருக்கிறது என்பதை இனி வரவேற்பறை போர்டில் எழுதுகிறோம். தனிப்பட்ட சிகிச்சை பற்றி இங்கே பேச முடியாது, நேரில் அல்லது போனில் பேசலாம்.'' எழுதியவர் நம் நோயாளிதானா என்றுகூட இதில் சொல்லவில்லை, பாருங்கள். சாப்பாட்டுக் கடைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பது அதன் அதிர்ஷ்டம்.

சரி, தோழியின் கடையில் அப்புறம் என்ன ஆனது?

ரிவ்யூ எழுதியவர் போன் செய்யவில்லை. ஸ்டாரையும் மாற்றவில்லை. அப்பா ஒரு வாரம் தினமும் 9 மணிக்கே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது ஞாயிறு, கேஷ் டேபிளில் மாமாவிடம் ஒருவர் வந்து கேட்டாராம், ``ரெண்டாவது அண்டா எத்தனை மணிக்குங்க தம் முடியும்?'' மாமா, சத்தம் போடாமல், கிச்சன் கதவில் தொங்கிய ஸ்லேட்டைக் கைகாட்டியிருக்கிறார். மாஸ்டர் அதில் 2.10 என்று எழுதியிருந்தார். வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ரிவ்யூ எதுவும் எழுதவில்லை.